கோப்புறைக்குள் அடங்காத மாற்றுரை

வலைத்தளப் படங்களுக்கு மாற்றுரை எழுதுவது குறித்து இணையத் தொழிலில் இன்று ஏறத்தாழ ஒருமித்த கருத்து ஒன்று நிலவுகிறது. மாற்றுரை என்பது படத்தைக் காண இயலாதவருக்காகப் படத்தின் இடத்தில் நிற்கும் சிறு உரை. வலைப்பக்கத்தின் குறிமொழியில் அது `alt` என்னும் பண்பாக எழுதப்படுகிறது. திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள், படம் குறுக்கிடும் இடத்தில் அந்த உரையை வாசித்துச் செல்கிறது. 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு இதை அடிப்படை நிலையிலேயே கட்டாயமாக்கியது. ஆயினும் வெப்எய்ம் அமைப்பு பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்து 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பிலும் பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் மாற்றுரை இல்லாத படங்கள் இருந்தன. பல ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட இந்தக் கடனை ஒரே மாலையில் அடைத்துவிடலாம் என்பதுதான் இன்றைய பொதுக்கருத்து: தளத்தின் படக் கோப்புறை முழுவதையும் படமறி மாதிரியிடம், அதாவது படத்தை உள்ளீடாக ஏற்று அதைப் பற்றிச் சொற்களில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம், ஒரு சிறு நிரல் வழியாக ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும், கோப்பின் பெயர் ஒரு நெடுவரிசையிலும் அதற்குரிய உரை மறு நெடுவரிசையிலுமாக ஓர் அட்டவணை கிடைக்கும், பணியாளர் ஒருவர் படத்தையும் உரையையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பிழைகளைத் திருத்துவார், பிறகு அட்டவணையைத் தளத்தில் ஏற்றிவிடலாம்.

இந்தக் கருத்து இரண்டு அனுமானங்களின் மீது நிற்கிறது. மாற்றுரை என்பது படக்கோப்பின் இயல்பு, எனவே கோப்பு மட்டும் கையில் இருந்தால் அதை எழுதிவிட முடியும் என்பது ஒன்று. படத்தோடு உரையை ஒப்பிட்டுப் பார்ப்பதே சரிபார்ப்பு என்பது மற்றொன்று. இரண்டுமே தவறானவை, இரண்டாவது தவறு முதலாவதிலிருந்தே பிறக்கிறது.

பலரும் அறிந்த ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டால் முதல் தவறு தெளிவாகும். டோரதியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்னும் ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்களின் முகாமில் எடுத்த படம் ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் எடுத்து மாதிரியிடம் கொடுத்தால், கவலை தோய்ந்த முகத்துடன் கன்னத்தருகே கைவைத்துத் தொலைவை நோக்கும் பெண்ணையும், முகம் காட்டாமல் அவள் தோள்களில் சாய்ந்திருக்கும் இரு பிள்ளைகளையும், மடியில் துணி சுற்றிக் கிடக்கும் கைக்குழந்தையையும் பற்றிய ஒரு வாக்கியம் வரும். வாக்கியத்தில் குறை சொல்ல எதுவும் இராது. அதை அட்டவணையில் பார்க்கும் பணியாளர் தயங்காமல் ஏற்றுக்கொள்வார்.

இப்போது ஓர் ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இதே படம் மூன்று பக்கங்களில் இடம்பெறுவதாகக் கொள்ளலாம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பற்றிய முதல் பக்கத்தில், வறுமையின் முகத்தை வாசகருக்குக் காட்டுவதே படத்தின் வேலையாகையால், மாதிரியின் வாக்கியம் அங்கே நன்றாகவே பொருந்தும். இரண்டாம் பக்கம் புகைப்படங்களைத் திருத்தும் வழக்கத்தைப் பற்றியது. படத்தின் வலது கீழ் மூலையில் கூடாரத்தின் கம்பைப் பிடித்திருந்த அப்பெண்ணின் கட்டைவிரல் கண்ணை உறுத்தியதால், லாங் பின்னர் அதை எதிர்ப்படிவத்திலிருந்து அழிக்கச் செய்தார். அந்தத் திருத்தம் அன்று தொடங்கி இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. விரல் உள்ள படமும் விரல் அழிக்கப்பட்ட படமும் அப்பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. தனித்தனிக் கோப்புகளாக இவற்றைப் பெற்ற மாதிரி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத் தரும். திரைவாசிப்பானில் கேட்பவர், வேறுபாட்டைப் பற்றியே எழுதப்பட்ட ஒரு பக்கத்தில், ஒரே வாக்கியத்தை இருமுறை கேட்டுவிட்டு அந்த வேறுபாடு எதுவென்று அறியாமலே வெளியேறுவார். அங்கே தேவைப்பட்டவை முகமும் கவலையும் அல்ல, மூலையில் இருக்கும் ஒரு விரலும் அது இல்லாத மங்கலான இடமுமே.

மூன்றாம் பக்கத்தில் இதே படம் சிறு உருவாகச் சுருக்கப்பட்டு ஓர் இணைப்பாக நிற்கிறது; அதை அழுத்தினால், லாங் பணியாற்றிய அரசு அமைப்பான பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படத் தொகுப்பு திறக்கும். இணைப்புக்குள் வேறு சொற்கள் இல்லாதபோது படத்தின் மாற்றுரையே இணைப்பின் பெயராகிவிடும் என்பது குறிமொழியின் விதி. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களைப் பயன்படுத்துவோர் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாக வரவழைத்து அதில் தாம் செல்ல வேண்டிய இடத்தைத் தேடுவதுண்டு; அந்தப் பட்டியலில், கவலை தோய்ந்த முகத்துடன் ஒரு பெண் என்ற வரி எங்கே இட்டுச் செல்லும் என்று யாரால் ஊகிக்க முடியும்? அந்த இடத்தில் எழுதப்பட வேண்டியது இதுதான்:

```html
<a href="/fsa/"><img src="lange-1936.jpg"
  alt="பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகப் புகைப்படத் தொகுப்பு"></a>
```

இந்த உரையில் படத்தில் உள்ள எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு அதுவே சரியான மாற்றுரை. ஆகவே ஒரே கோப்புக்கு மூன்று சரியான உரைகள் உள்ளன. அவற்றில் எது வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் செய்தி கோப்பில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. கோப்புறையை மட்டும் பெற்ற மாதிரி, எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறது. மாதிரிகள் இன்னும் மேம்பட்டால் இந்தக் குறை தீரும் என்ற நம்பிக்கைக்கு இதனாலேயே அடிப்படை இல்லை.

இதற்கு மறுமொழியாக, எதுவும் இல்லாததைவிட ஏதேனும் இருப்பது மேல் என்ற வாதம் முன்வைக்கப்படும். பொதுக்கருத்தின் மிக வலுவான அரண் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதை மறுப்பது கடினமாகவும் இருந்தது. ஆனால் வாசகர் இன்று வெறுங்கையோடு இல்லை. ஐபோனின் வாய்ஸ்ஓவர் 2020 முதல் படங்களைத் தானே விவரிக்கிறது. குரோம் உலாவியில் மாற்றுரை இல்லாத படங்களுக்கு விளக்கம் பெறும் வசதி 2019இலேயே வந்துவிட்டது. பீ மை ஐஸ் செயலி 2023இல் படமறி மாதிரி ஒன்றைப் பார்வையற்றோரின் கைக்கே கொண்டுவந்து, படத்தைப் பற்றி மேலும் மேலும் கேள்வி கேட்கவும் வழி செய்தது. தளத்தின் உரிமையாளர் படப்புள்ளிகளை மட்டும் மாதிரிக்குக் காட்டிப் பெறும் வாக்கியத்தை வாசகர் தாமே பெற்றுக்கொள்ள முடியும். அதுவும் தமக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டுப் பெற முடியும். தளத்தார் மட்டுமே தரக்கூடியது வேறு: இந்தப் படம் இங்கே ஏன் வைக்கப்பட்டது என்பது. கோப்புறை முறை மிகச் சரியாக அதை விட்டுவிட்டு, வாசகரிடம் ஏற்கெனவே உள்ளதைத் தருகிறது.

இத்துடன் ஓர் இழப்பும் சேர்கிறது. ஃபேஸ்புக் 2016இல் தானியங்கி விளக்கத்தை அறிமுகப்படுத்தியபோது, படத்தில் இன்னது இருக்கலாம் என்ற ஐயத்தொனியோடுதான் அதை வாசிக்கச் செய்தது. வாசகரின் சொந்தக் கருவி தரும் விளக்கமும் கருவியின் கூற்று என்று தெரிந்தே கேட்கப்படுகிறது. அதே வாக்கியம் `alt` பண்புக்குள் ஏறியவுடன் ஐயம் மறைந்து, தளம் தன் பொறுப்பில் சொல்லும் செய்தியாகிவிடுகிறது. ஹேலி மெக்லியாட் முதலிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சமூக ஊடகப் படங்களுக்குக் கணினி எழுதிய விளக்கங்கள் பொருந்தாதபோதும் பார்வையற்ற வாசகர்கள் அவற்றை நம்பினர் என்றும், விளக்கத்துக்கும் பதிவுக்கும் இடையிலான முரணைத் தாமே ஏதேனும் காரணம் கற்பித்து நிரப்பிக்கொண்டனர் என்றும் காட்டியது. பிழையின் செலவை அதைச் செய்தவர் ஏற்பதில்லை; கேட்பவரே ஏற்கிறார், தாம் ஏற்றதை அறியாமலே.

கோப்புறை என்ற அலகு நடைமுறையிலும் பிழையானது. பரவலாகப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளை எடுத்துக்கொண்டால், அதன் `wp-content/uploads` கோப்புறையில் ஏற்றப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் `-150x150`, `-300x200` என்ற வால்களோடு பல அளவுப் படிகள் தாமாகவே உண்டாகிக் கிடக்கும். அவற்றோடு எந்தப் பக்கத்திலும் பயன்படாத பழைய கோப்புகளும் இருக்கும். நிரல் இவை அனைத்தையும் அனுப்பினால் ஒரே படத்துக்கு ஐந்தாறு வெவ்வேறு வாக்கியங்கள் வரும். அவற்றில் சில, சிறிதாக்கப்பட்ட படியில் எழுத்துகள் மங்கியதால் தவறாகவும் வரும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் ஏற்றி முடித்த பிறகே கண்டுகொள்கின்றனர். வேர்ட்பிரஸில் ஒரு படத்தை இடுகைக்குள் சேர்க்கும் கணத்தில், ஊடக நூலகத்தில் அப்போதுள்ள மாற்றுரை இடுகையின் குறிமொழிக்குள் படியெடுக்கப்படுகிறது. பின்னர் நூலகத்தில் உரையை மாற்றினாலும் ஏற்கெனவே வெளியான இடுகையில் அது மாறாது. எனவே அட்டவணையை நூலகத்தில் ஏற்றி, எல்லாம் நிரம்பிவிட்டதென்று திரும்பும் தளத்தாரின் பழைய பக்கங்கள் பலவும் முன்பிருந்தபடியே ஊமையாக நிற்கும். படம் பயன்படும் இடமே மாற்றுரையின் இருப்பிடம் என்பதை அந்த மென்பொருளின் அமைப்பே சொல்கிறது.

மாதிரியை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. மொத்தமாகச் செய்வதிலும் தவறில்லை. மொத்தம் எதனுடையது என்பதே கேள்வி. கோப்புறைக்குப் பதிலாகத் தளத்தின் பக்கங்களிலிருந்து தொடங்கி, படம் தோன்றும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு பதிவாக எடுக்க வேண்டும். அந்தப் பதிவில் படத்துடன் பக்கத்தின் தலைப்பு, அருகிலுள்ள உள்தலைப்பு, முன்னும் பின்னும் உள்ள பத்திகள், படவிளக்கக் குறிப்பு, இணைப்புக்குள் இருந்தால் அது செல்லும் பக்கத்தின் பெயர் ஆகியவை சேர வேண்டும். இவற்றை எடுப்பதற்கு நுண்ணறிவு எதுவும் வேண்டியதில்லை. குறிமொழியை வாசிக்கும் சிறு நிரல் போதும். பிறகு மாதிரியிடம் கேட்பதிலும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்: அலங்காரக் கோடு, பின்னணிப் பூ வேலைப்பாடு, அருகிலுள்ள சொல்லையே மீண்டும் காட்டும் சிறு உருவம் ஆகியவற்றுக்கு `alt=""` என்று வெற்றாக விடலாம் என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லலாம் என்றும் அதற்கு அனுமதி தர வேண்டும். வெற்று உரை இருந்தால் திரைவாசிப்பான் படத்தைப் பேசாமல் கடந்துவிடும். அனுமதி தராவிட்டால், கேட்டதற்கு ஏதேனும் எழுதியாக வேண்டிய மாதிரி, ஒவ்வொரு கோட்டையும் சாம்பல் நிறப் பின்னணியில் மெல்லிய கிடைக்கோடு என்று விவரித்துப் பக்கத்தை இரைச்சலாக்கிவிடும்.

இந்தக் கட்டளைகளோடு, 125 எழுத்துகளுக்குள் எழுதுக என்ற வரியும் வழக்கமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. நெறிமுறைகளில் அப்படியோர் எல்லை எங்கும் இல்லை. பழைய திரைவாசிப்பான் ஒன்று நீண்ட உரையைத் துண்டாக்கி வாசித்த பழக்கத்திலிருந்து பரவிய தொழில்வழக்கு அது. தமிழில் எழுதுவோர் அதைப் பின்பற்றினால் இரட்டை நட்டம். கணினி எண்ணுவது எழுத்துகளை அல்ல, குறியீடுகளை. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் அதற்கு ஐந்து. ஆங்கிலத்தில் இருபது சொற்களுக்கு இடம் தரும் எல்லை தமிழில் பத்துப் பன்னிரண்டு சொற்களிலேயே முட்டி நின்றுவிடும். விரலைப் பற்றிய செய்தி வாக்கியத்தின் கடைசியில் இருந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுவே.

சூழலைத் தருவதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பத்தியில் படித்ததைப் படத்தில் பார்த்ததாக எழுதும் சாய்வு மாதிரிகளுக்கு இருக்கிறது. கட்டைவிரலைப் பற்றிய பத்தியோடு விரல் அழிக்கப்பட்ட படத்தைக் கொடுத்தால், மூலையில் விரல் தெரிகிறது என்று எழுதிவிடக்கூடும். புகழ்பெற்ற படங்களில் இந்தச் சாய்வு இன்னும் கூடும்: லாங் அன்று அதே குடும்பத்தைப் பல முறை படமெடுத்தார், அத்தொடரின் வேறொரு படத்தைக் காட்டினாலும், நினைவில் ஊறிய புகழ்பெற்ற படத்தின் விவரங்கள் விடைக்குள் புகுந்துவிடலாம். இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சில படங்களை வேண்டுமென்றே வேறு பக்கத்தின் பத்திகளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பத்திகளில் மட்டுமே உள்ள பொருள்கள் படத்தில் தெரிவதாக உரை சொன்னால், மாதிரி கண்ணால் எழுதவில்லை, பத்தியால் எழுதுகிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது அனுமானத்துக்கு வந்தால், சரிபார்ப்பு என்ற பெயரில் இன்று நடப்பது பெரும்பாலும் ஒப்புதல்தான். மாற்றுரையின் பிழைகள் இருவகை: உள்ளதைத் தவறாகச் சொல்வது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. படத்தையும் உரையையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பணியாளர் முதல் வகையைக் கண்டுபிடிப்பார். இரண்டாம் வகையை அவரால் காண இயலாது, ஏனெனில் உரை விட்டதை அவர் கண்ணே படத்திலிருந்து எடுத்து நிரப்பிவிடுகிறது. பெண் என்று சொன்னார்கள், பெண் இருக்கிறாள்; பிள்ளைகள் என்றார்கள், இருக்கிறார்கள்; சரி. விரலைப் பற்றிய எண்ணமே அவருக்கு எழுவதற்கு இடமில்லை. எவருக்காக உரை எழுதப்படுகிறதோ அவருக்கு இல்லாத ஒரு வசதியை வைத்துக்கொண்டு அவருக்கான உரையை மதிப்பிடும் முறை இது.

ஆகவே வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதல் சுற்றில் படம் மறைக்கப்பட்டு, பக்கத்தின் பத்திகளும் அவற்றிடையே மாற்றுரையும் மட்டும் சரிபார்ப்பவருக்குக் காட்டப்பட வேண்டும். திரைவாசிப்பானிலேயே கேட்டால் இன்னும் நல்லது. பத்தி சுட்டும் பொருள் உரையில் கிடைக்கிறதா, கீழேயுள்ள குறிப்பு சொன்னதையே உரை மீண்டும் சொல்கிறதா, இணைப்பு எங்கே செல்கிறது என்று தெரிகிறதா என்பவற்றை அப்போதுதான் உணர முடியும். படங்களைத் திருத்துவது பற்றிய பக்கத்தை இவ்வாறு வாசிப்பவர், ஒரே வாக்கியம் இருமுறை வருவதை அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். இரண்டாம் சுற்றில்தான் படத்தைத் திறந்து உண்மையைச் சோதிக்க வேண்டும்: விரல் எந்தப் படத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று. முதல் சுற்று பயனையும் இரண்டாவது சுற்று உண்மையையும் அளக்கின்றன. ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்ய முடியாது.

எல்லாவற்றையும் இருமுறை பார்க்க நேரம் ஏது என்று கேட்கப்படும்; சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும் என்றும் சொல்லப்படும். 600 இடங்களில் 60ஐத் தற்செயலாக எடுத்துப் பார்த்து ஒரு பிழையும் காணவில்லை என்று வைத்துக்கொண்டால்கூட, புள்ளியியலின் எளிய விதிப்படி மூன்றை அறுபதால் வகுத்து வரும் 5 விழுக்காடு வரை பிழை ஒளிந்திருக்கலாம். அதாவது ஏறத்தாழ 30 இடங்கள். அந்த 30 எங்கும் சமமாகப் பரவியிருப்பதும் இல்லை. வரைபடங்களிலும், எழுத்துகள் பொறித்த அறிவிப்புப் படங்களிலும், இணைப்புகளிலும், பெயர் சொல்லப்பட வேண்டிய மனிதர்களின் படங்களிலும் அவை குவிந்திருக்கும். பிழையின் விலை அதிகமாக இருப்பதும் அங்கேதான். விண்ணப்பத்தின் கடைசித் தேதி பொறித்த அறிவிப்பில் ஓர் இலக்கம் மாறினால் அதன் விளைவு, மலைக்காட்சியில் மேகத்தின் நிறம் மாறியதைப் போன்றதன்று. எனவே இந்த நான்கு வகைகளையும் ஒன்று விடாமல் பார்ப்பதும், எஞ்சிய சூழ்நிலைக் காட்சிகளில் மட்டும் சிலவற்றை எடுத்துப் பார்ப்பதுமே அறிவுடைமை. எந்த இடம் எந்த வகை என்பது பக்கத்திலிருந்து தொடங்கிய பதிவுகளில் ஏற்கெனவே பெரும்பாலும் தெரிந்திருக்கும். கோப்புறையிலிருந்து தொடங்கியவருக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆக்ஸ், வேவ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் இந்த இடத்தில் துணை நிற்கும் என்று எண்ணுவதும் பிழை. `alt` பண்பு இருக்கிறதா, கோப்பின் பெயரே அதில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பன போன்றவற்றை அவை கண்டுகொள்ளும். உரை உண்மையா, அந்த இடத்துக்கு உரியதா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. மொத்தமாக நிரப்பிய மறுநாள், மாற்றுரை இல்லையென்று அவை காட்டிய சிவப்புக் குறிகள் அனைத்தும் மறைந்துவிடும். அதுவரை தளத்தில் எங்கெங்கே வேலை மீதமிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே கணக்கேடு அதோடு அழிந்துவிடுகிறது.

சரிபார்க்க ஆளில்லாத படங்களை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. பொதுக்கருத்துக்கு மிகவும் கசப்பான விடையும் இங்கேதான் இருக்கிறது. இணைப்பாக நிற்கும் படங்களைக் காலியாக விடக் கூடாது. விட்டால் திரைவாசிப்பான் கோப்பின் பெயரையோ முகவரியையோ உளறும். அவை எண்ணிக்கையில் குறைவு, செல்லும் பக்கத்தின் தலைப்பிலிருந்தே எழுதிவிடலாம் என்பதால் முதலில் முடிக்க வேண்டியவையும் அவையே. எஞ்சியவற்றில், யாரும் பார்த்துப் பொறுப்பேற்காத உரையை ஏற்றுவதைவிட, `alt` பண்பே இல்லாமல் அந்தப் படத்தை இப்போதைக்கு விட்டுவைப்பது வாசகருக்குக் குறைந்த தீங்கு. நெறிமுறையின்படி அது தவறுதான், சோதனைக் கருவியும் அதைத் தவறென்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் குரோமின் விளக்க வசதி பண்பு இல்லாத படத்துக்கே இயங்குகிறது, வெற்று உரையோ பொய்யுரையோ உள்ள படத்துக்கு இயங்குவதில்லை. வாசகர் தம் கருவியிடம், அது கருவி என்று தெரிந்தே, கேட்டுக்கொள்வார். அந்த இடத்தின் சிவப்புக் குறி அடுத்த வாரத்துக்குரிய வேலைப் பட்டியலில் அப்படியே நிற்கும்.